75 சதவீத அட்டை போதுமா? மகளின் ஆயுள்காலக் குடும்ப ஓய்வூதியம்

ஐயா, நான் அஞ்சல் துறையில் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து 2017-இல் ஓய்வு பெற்றேன். கடைசி அடிப்படைச் சம்பளம் 50,500 ரூபாய். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறோம். எனக்கு 68 வயது, மனைவிக்கு 64. மகளுக்கு 38 வயது ஆகிறது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். 75 சதவீதம் என்று போட்ட அடையாள அட்டை இருக்கிறது. பகலில் ஒரு சிறப்புப் பயிற்சி மையத்துக்குப் போய்க் காகிதப் பை ஒட்டுகிறாள்; மாதம் 600 ரூபாய் தருகிறார்கள். அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாயும் வருகிறது. மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். எங்கள் காலத்துக்குப் பிறகு என் குடும்ப ஓய்வூதியம் மகளுக்கு ஆயுள் முழுவதும் கிடைக்குமா? இந்த அட்டை போதுமா? கோர்ட்டுக்குப் போய் கார்டியன் ஆணை வாங்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். மேலப்பாளையத்தில் மாதம் 9,000 ரூபாய் வாடகை வரும் கடையையும், 20 லட்ச ரூபாய் டெபாசிட்டையும் அவள் பெயருக்கே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், பாளையங்கோட்டை

அண்ணாச்சி, ஓய்வூதியம் கிடைக்கும். அட்டை போதாது. கோர்ட் வேண்டாம். கடையையும் டெபாசிட்டையும் மாற்றும் யோசனையை, இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரையாவது நிறுத்தி வையுங்கள்.

முதலில் அட்டை. உங்களுக்குப் பொருந்துவது மத்தியக் குடிமைப் பணிகள் (ஓய்வூதியம்) விதிகள், 2021; அதில் குடும்ப ஓய்வூதியத்தைப் பற்றியது 50-ஆவது விதி. சாதாரணமாக மகனுக்கு 25 வயதோடும் மகளுக்குத் திருமணத்தோடும் உரிமை முடிந்துவிடும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் பிழைப்புக்குச் சம்பாதிக்க முடியாத மகனுக்கோ மகளுக்கோ அந்த வரம்பு இல்லை; ஆயுள் முழுவதும் உண்டு. அந்த விதியை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் 40 சதவீதம், 75 சதவீதம் என்று ஓர் எண்ணும் அகப்படாது. விதி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் குறைபாடு இவரைச் சம்பாதிக்க முடியாதவராக ஆக்கியிருக்கிறதா?

உங்கள் மகளின் 75 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு அறிவுத்திறன் சோதனையோடு சமூக முதிர்ச்சிச் சோதனையும் செய்கிறார்கள். தானே உடுத்துவது, சாப்பிடுவது, கடைக்குப் போவது, காசை எண்ணுவது போன்ற அன்றாடத் திறன்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி, அந்த மதிப்பெண் 36 முதல் 54-க்குள் இருந்தால் மிதமான குறைபாடு, 75 சதவீதம். 55 முதல் 69 வரை இருந்தால் லேசான குறைபாடு, 50 சதவீதம். பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் இந்த எண் போதும். குடும்ப ஓய்வூதியத்துக்கு இது அரைப் பதில்தான். காலில் 75 சதவீதக் குறைபாடு உள்ள ஒருவர் வங்கியில் அதிகாரியாக இருக்கலாம். அவருக்கு இந்த ஓய்வூதியம் கிடையாது. 50 சதவீதம் என்று எழுதப்பட்ட ஒருவரால் ஆயுளில் ஒருநாள் கூடத் தனியாக வேலை பார்த்துப் பிழைக்க முடியாமல் இருக்கலாம், அவருக்கு உண்டு. ஆகவே எண்ணை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால், “சம்பாதிக்க இயலாது என்று எங்கே எழுதியிருக்கிறது?” என்றுதான் கேட்பார்கள். அதில் அவர்கள் பக்கம் தவறில்லை.

அதை எழுதித் தர வேண்டியது மருத்துவக் குழு. ஒற்றை மருத்துவரின் கையெழுத்து செல்லாது. மருத்துவமனையின் கண்காணிப்பாளரோ முதல்வரோ இயக்குநரோ நிறுவனத் தலைவரோ, அல்லது அவர் நியமிக்கும் ஒருவரோ தலைவராக இருக்க வேண்டும். கூட இரண்டு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது குறிப்பிட்ட அந்தக் குறைபாட்டில் சிறப்பு மருத்துவராக இருக்க வேண்டும். உங்கள் மகள் விஷயத்தில் அவர் மனநல மருத்துவர். நமக்கு இதற்காக மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியதில்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியே, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே, இப்படிப்பட்ட குழுவை அமைக்கக்கூடிய நிறுவனம்தான்.

ஆனால் நேராகப் போய் வரிசையில் நின்று “சர்டிபிகேட் வேண்டும்” என்று கேட்காதீர்கள். கேட்டால் ஏற்கனவே உங்களிடம் இருக்கும் அதே அச்சடித்த படிவத்தை இன்னொரு முறை நிரப்பித் தருவார்கள். அவர்கள் தினமும் தருவது அதுதான். முதலில் நீங்கள் வேலை பார்த்த கோட்டத்தின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். திருநெல்வேலி கோட்டம் என்றால் அங்குள்ள முதுநிலைக் கண்காணிப்பாளருக்கு. ஆயுள்காலக் குடும்ப ஓய்வூதியத்துக்காக மகளை மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு அனுப்பும்படி மருத்துவமனைத் தலைமைக்கு ஒரு கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு 50-ஆவது விதியில் மருத்துவக் குழுவைப் பற்றிச் சொல்லும் பகுதியின் நகலையும் இணைக்கச் சொல்லுங்கள். குழுவில் உட்காரும் மருத்துவர் நல்லவராகவே இருந்தாலும், எந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று காகிதத்தில் கண்டால்தான் அந்தப் பதிலை எழுதுவார்.

பரிசோதனை நாளில் பெற்றோர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். “பாப்பா என்ன செய்யும்?” என்று மருத்துவர் கேட்பார். வாழ்நாள் முழுவதும் ஊரார் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசிப் பழகியவர்கள் நாம். “அவள் வேலைக்குப் போகிறாளே டாக்டர், மாதச் சம்பளம் வாங்குகிறாள்” என்று பெருமையாகச் சொல்லிவிடுவோம். அது அப்படியே சான்றிதழில் ஏறும். பொய் சொல்லச் சொல்லவில்லை. முழு உண்மையைச் சொல்லுங்கள் என்கிறேன். பையை மடிப்பது அவள். பக்கத்தில் ஒருவர் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறாரா? அந்த 600 ரூபாயை அவளால் எண்ண முடியுமா? பஸ் ஏறித் தனியாக மையத்துக்குப் போய் வர முடியுமா? ஒருநாள் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இவற்றைச் சொல்லுங்கள். பயிற்சி மையத்தின் பொறுப்பாளரிடம், அவள் எந்த மேற்பார்வையில் எவ்வளவு நேரம் என்ன செய்கிறாள் என்று ஒரு குறிப்பு வாங்கிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. பழைய சிறப்புப் பள்ளிப் பதிவு, முதன்முதலில் வாங்கிய மருத்துவச் சான்று ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். குறைபாடு எப்போதிலிருந்து இருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வாசியுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று உறைக்குள் போடாதீர்கள். குறைபாட்டின் பெயரும் அளவும் மட்டுமல்லாமல் அவளுடைய நிலை இன்னதென்று கூடியவரை துல்லியமாக எழுதியிருக்க வேண்டும். இந்த நிலை அவளைப் பிழைப்புக்குச் சம்பாதிக்க இயலாதவளாக ஆக்குகிறது என்ற வாக்கியம் தெளிவாக இருக்க வேண்டும். பிறவியிலிருந்தோ எப்போதிலிருந்தோ, அதுவும் இருக்கட்டும். தலைவரும் இரு உறுப்பினர்களும் கையெழுத்திட்டு, சிறப்பு மருத்துவரின் பதவி அவர் பெயருக்குக் கீழே தெரிய வேண்டும். கடைசியாக, “நிரந்தரம்” என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

இந்த ஒரு சொல்லுக்கு இருக்கும் எடை பலருக்குத் தெரிவதில்லை. நிரந்தரக் குறைபாடு என்று எழுதினால் இந்தச் சான்றை ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும். தற்காலிகம் என்று எழுதினால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, குறைபாடு தொடர்கிறது என்று மருத்துவக் குழுவிடமிருந்து மறுபடியும் வாங்கித் தர வேண்டும். 38 வயதில், பிறவியிலிருந்தே உள்ள அறிவுசார் குறைபாட்டைத் தற்காலிகம் என்று எழுதுவதற்குக் காரணம் இல்லை. ஆனால் சிறு வயதில் எடுத்த சான்றில் மறுபரிசோதனைத் தேதி போட்டிருப்பார்கள்; அதைப் பார்த்து இதிலும் அப்படியே எழுதிவிடும் பழக்கம் உண்டு. அப்படி இருந்தால் அன்றைக்கே பணிவாகக் கேட்டுத் திருத்துங்கள். உங்களால் இப்போது கேட்க முடியும். இருபது வருடம் கழித்து, கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டு வரும் மகன் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அவளைக் கூட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவும் மத்திய அரசு ஓய்வூதியர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஒழுங்காக வந்தது. அம்மாவும் போன பிறகுதான் தம்பியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை என்பது அண்ணனுக்குத் தெரிந்தது. அடையாள அட்டையை வைத்து விண்ணப்பித்தார்; சம்பாதிக்க இயலாமை பற்றிச் சான்று இல்லை என்று திரும்பியது. ஒரு மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தார். குழுவின் சான்று இல்லை என்று திரும்பியது. குழுவின் சான்று வந்தபோது, அது பெற்றோர் இறந்த பிறகு வாங்கியது, குறைபாடு அதற்கு முன்பே இருந்ததா என்று கேள்வி வந்தது. பின்னால் வாங்கிய சான்று என்பதாலேயே உரிமை போய்விடாது; அவர்கள் உயிரோடு இருந்தபோதே அந்த நிலை இருந்தது என்று காட்டினால் ஏற்பார்கள். அந்தத் தம்பி படித்த சிறப்புப் பள்ளியின் பழைய மாற்றுச் சான்றிதழ் பரணில் கிடைத்ததால் பிழைத்தார்கள். பணம் கடைசியில் அம்மா இறந்த மறுநாளிலிருந்தே கணக்கிட்டு வந்தது, அதில் குறைவில்லை. ஆனால் வரும் வரையில் அந்த வீட்டை அண்ணனின் சம்பளம்தான் ஓட்டியது.

அதனால் உங்கள் அடுத்த வேலை, மகளின் பெயரை ஓய்வூதிய ஆணையில், அதாவது பி.பி.ஓ.வில், இப்போதே ஏற்றுவது. நிரந்தரக் குறைபாடுள்ள பிள்ளையின் பெயரை, ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே, மனைவிக்கு அடுத்து குடும்ப ஓய்வூதியம் பெற வேண்டியவராகச் சேர்த்துக்கொள்ள 2013-லிருந்தே வழி இருக்கிறது. மருத்துவக் குழுவின் சான்று, குடும்ப விவரப் படிவம், மகளின் பிறந்த தேதிச் சான்று, ஆதார், புகைப்படம் ஆகியவற்றோடு அதே கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அவர்கள் பரிசீலித்து, சென்னையில் உள்ள அஞ்சல் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பித் திருத்த ஆணை வாங்க வேண்டும். அது வரும்போது உங்கள் ஓய்வூதியம் பட்டுவாடா ஆகும் போஸ்ட் ஆபீஸுக்கோ வங்கிக்கோ ஒரு பிரதி போகும். மகளால் சம்பாதிக்க முடியுமா என்பதை முடிவு செய்வது துறை, வங்கி அல்ல. துறை முடிவு செய்து பெயரை ஏற்றிவிட்டால், பிற்காலத்தில் இறப்புச் சான்றும் பி.பி.ஓ.வும் வருமான உறுதிமொழியும் காட்டினால் பட்டுவாடா தொடங்க வேண்டும். அம்பாசமுத்திரத்துக் குடும்பம் அலைந்த அலைச்சல் முழுவதையும் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே, உங்கள் கையெழுத்துச் செல்லுபடியாகும் காலத்திலேயே முடித்துவிடுகிறீர்கள்.

இனி கோர்ட் விவகாரம். உங்களிடம் அப்படிச் சொன்னவர் எங்கேயோ ஒரு வங்கிக் கவுன்டரில் கேட்டதைச் சொல்லியிருப்பார். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு நீதிமன்றப் பாதுகாவலர் சான்று வேண்டும் என்று வங்கிகள் அடம்பிடிப்பது தவறு என்று ஓய்வூதியத் துறை 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விதிப்படி, மகள் சார்பில் பணத்தைப் பெறுகிறவரை நீங்களே எழுதி நியமிக்கலாம். நீங்கள் செய்யாமல் போனால், பின்னால் உங்கள் மனைவி நியமிக்கலாம். நாளைக்கு நீங்கள் பி.பி.ஓ. திருத்தத்துக்கு விண்ணப்பிக்கும்போதே மகனின் பெயரில் இந்த நியமனத்தையும் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்தில் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

நியமனம் ஓய்வூதியத்துக்கு மட்டும்தான். அவளுடைய வங்கிக் கணக்கு, வாடகை, வைத்தியத்துக்கு ஒப்புதல் கையெழுத்து என்று பிற காரியங்கள் இருக்கின்றன அல்லவா? 18 வயது முடிந்த நாளிலிருந்து, சட்டத்தின் கண்ணில், பெற்றவர்கள் என்பதாலேயே நீங்கள் அவளுக்குப் பாதுகாவலர் அல்ல. அதற்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் அதன் 14-ஆவது பிரிவின்படி உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். மாவட்ட ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குப் போய், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார்ப்பது எங்கே என்று கேட்டுத் தொடங்குங்கள். இந்தக் குழு தரும் சான்றைக் குடும்ப ஓய்வூதியத்துக்கும் ஏற்க வேண்டும் என்று விதி 50 சொல்கிறது. ஆகவே உங்கள் நியமனத்துக்கு இது இரண்டாவது பலம்.

யாரைப் போடுவது என்பதில் அவசரப்படாதீர்கள். உங்களையே பாதுகாவலராகப் போட்டால், உங்களுக்குப் பிறகு மகன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மகனையே போடுவதானால், சட்டம் அவனிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று முதலிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் அவளுடைய சொத்து, கடன் விவரப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் முடிவதற்குள், வரவு செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். அவளைக் கவனிக்காமல் விட்டாலோ பணத்தைக் கையாடினாலோ நீக்கச் சொல்லி உறவினர் எவரும் குழுவிடம் போகலாம். மருமகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். கணக்கு நோட்டு அவர் கையில்தான் இருக்கப் போகிறது.

இதைப் படிக்கும் வேறு சில குடும்பங்களுக்காக ஒரு வார்த்தை. மனச்சிதைவு போன்ற மனநோய் உள்ளவர்களுக்கும் ஆயுள்காலக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் அவர்கள் தேசிய அறக்கட்டளைச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். கொக்கிரகுளத்துக் குழுவால் அவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்க முடியாது. அதுபோல மாநில அரசு ஓய்வூதியர்களுக்குத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978. ரயில்வேக்காரர்களுக்கு 1993-ஆம் ஆண்டின் ரயில்வே ஓய்வூதிய விதிகள். சான்று தர வேண்டியவர் யார், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதை அந்தந்த விதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு ஆசிரியர் தாலுகா ஆஸ்பத்திரியில் வாங்கிய சான்றைப் பார்த்து அஞ்சல்காரர் அதுபோல வாங்குவதும், அஞ்சல்காரரைப் பார்த்து ஆசிரியர் வாங்குவதும் வீண் வேலை.

கடைக்கும் டெபாசிட்டுக்கும் வருவோம். இங்கேதான் உங்கள் அன்பு உங்கள் மகளுக்கு எதிராகப் போகப் பார்க்கிறது.

சம்பாதிக்க முடியாதவர் என்பதற்கு வருமான வரம்பு ஒன்று இருக்கிறது. 2021 பிப்ரவரி வரை அது எல்லாருக்கும் பொதுவாக 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் என்று இருந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பலர் சிறிய வருமானத்தாலேயே உரிமையை இழந்தார்கள். அந்த மாதம் அதை மாற்றினார்கள். இப்போது குடும்ப ஓய்வூதியம் தவிர்த்த மற்ற எல்லா வருமானமும் சேர்ந்து, அவருக்குக் கிடைக்கக்கூடிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தைவிட, அதாவது உங்கள் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைவிட, குறைவாக இருக்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போடுவோம். 50,500-இல் 30 சதவீதம் 15,150. உங்களுக்குப் பின் உங்கள் மனைவிக்கு வருவதும், அவருக்குப் பின் மகளுக்கு வருவதும் இதே அடிப்படைத் தொகைதான். அகவிலைப்படி அவ்வப்போது ஏறும். கணக்கு எளிதாக இருக்க 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 7,575 சேர்ந்து 22,725 ஆகிறது. மகளின் வரம்பு இது. இன்றைக்கு அவளுக்கு வருவது பயிற்சி மையத்தின் 600-ம் உதவித்தொகை 2,000-மும். உதவித்தொகையையும் வருமானமாகச் சேர்த்தே பார்த்தாலும் 2,600. இதனால் ஒரு பாதகமும் இல்லை. அவள் தாராளமாகப் பை ஒட்டட்டும்.

இப்போது கடையை எழுதி வைக்கிறீர்கள்: வாடகை 9,000. டெபாசிட் 20 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 1,40,000. மாதத்துக்கு ஏறக்குறைய 11,667. இரண்டும் சேர்ந்து 20,667. உதவித்தொகையைச் சேர்த்தால் 22,667. வரம்புக்குள் 58 ரூபாய்தான் மிச்சம். அந்த 600-ஐயும் சேர்த்தால் 23,267. வரம்பு தாண்டிவிட்டது. தாண்டிய 542 ரூபாயைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரமாட்டார்கள், உரிமையே போகும். மாதம் 22,725 ரூபாயை, விலைவாசியோடு ஏறிக்கொண்டே போகும் ஒரே வருமானத்தை, அவளுக்கு நன்மை செய்வதாக எண்ணி நீங்களே அடைத்துவிடுவீர்கள். வாடகை அப்படி ஏறும் என்று உறுதி இல்லை, வட்டியோ குறையவும் கூடும். ஆள் பார்த்து வசூலிக்க வேண்டிய பணம் அது வேறு.

என் யோசனை இது. வருமானம் தராத சொத்தை அவளுக்குக் கொடுங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டில் அவள் ஆயுள் வரை வசிக்கும் உரிமையை உயிலில் எழுதுங்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்து வருமானம் இல்லை. கடையை மகன் பெயருக்கு விடுங்கள். டெபாசிட் முழுவதையும் அவள் பெயருக்கு மாற்றாமல், ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும். ஐந்து லட்சம் என்றால் அதே வட்டியில் மாதம் 2,917 ரூபாய்; மற்றவற்றோடு சேர்ந்தாலும் 5,517-தான். மிச்சம் உங்கள் மனைவி பெயரில் இருக்கட்டும். உயிலை எழுதும் வழக்கறிஞரிடம் இந்த வருமான வரம்பைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்; சொத்துச் சட்டத்தில் கெட்டிக்காரராக இருப்பவருக்கும் ஓய்வூதிய விதி தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தாய்மாமனோ சித்தப்பாவோ பாசத்தில் அவள் பெயருக்கு நிலம் எழுதி வைத்து, அதில் குத்தகை வந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

பணம் வரத் தொடங்கிய பிறகு மகன் மறக்கக் கூடாதவை கொஞ்சம்தான். ஒவ்வொரு நவம்பரிலும் மகளின் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, அவள் சம்பாதிக்கத் தொடங்கவில்லை, வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று பாதுகாவலராக உறுதிமொழி கொடுக்க வேண்டும். நிரந்தரம் என்று எழுதிய மருத்துவக் குழுச் சான்று இருக்கும்போது யாராவது புதிய மருத்துவச் சான்று கேட்டால், அதன் நகலைக் காட்டி விதியைச் சுட்டிக்காட்டலாம். திருமணம் ஆனால் நின்றுவிடுமா என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குத் திருமணத்தால் இந்த ஓய்வூதியம் நிற்பதில்லை.

விண்ணப்பம் கொடுப்பதற்கு முந்தின இரவு, எல்லாக் காகிதங்களையும் மேஜையில் பரப்பி மகளின் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். நம் ஊர்த் தலைப்பெழுத்து பெரிய தொல்லை. ஆதாரில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும். அடையாள அட்டையில் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும். மருத்துவக் குழுவின் சான்றில் ஊர்ப்பெயரின் எழுத்தும் சேர்ந்திருக்கும். பள்ளிச் சான்றில் பிறந்த தேதி ஜூன் மாதத்துக்கு மாறியிருக்கும். ஆதாரை முதலில் சரிசெய்துவிட்டு, அதில் இருப்பதுபோலவே மருத்துவக் குழுச் சான்றிலும் பி.பி.ஓ. விண்ணப்பத்திலும் எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். திருத்திய பி.பி.ஓ. வந்த அன்று முதலில் பார்க்க வேண்டியதும் அந்த ஒரு வரியைத்தான். பிழை இருந்தால் அந்த வாரமே எழுதிக் கேளுங்கள்.